டயலைப் படம் எடுப்பதா, திரையைப் படம் எடுப்பதா?

கானாடுகாத்தானிலிருந்து ஆச்சி இரண்டு படம் அனுப்பியிருந்தார். ஒன்று வாஷிங் மெஷின் டயல், இன்னொன்று திரை. மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மெஷின். பேனலில் எழுத்தே இல்லை, எல்லாம் சித்திரம்தான். "தம்பி, உள்ளே தண்ணீர் நிக்குது, கதவும் திறக்கலை. கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

முதலில் திரைப் படத்தைத்தான் பார்த்தேன். மூன்று இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் நடுவில் ஒரு பூஜ்யம் மட்டும். பிழைக் குறியீடு என்று நினைத்துப் பட்டியல் தேடி அரைமணி நேரம் போயிற்று. உண்மையில் பல திரைகளில் இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாக மின்னுகின்றன. கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து தெரியும்; கேமரா ஒரு நொடித் துணுக்கை மட்டும் பிடித்தால் சில இலக்கம் விடுபடும். போதாததற்கு 5-க்கும் S-க்கும் அந்தத் திரையில் வேறுபாடே கிடையாது. குறியீடுகளும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே திரைக்கு ஐந்து நொடி வீடியோதான் சரி.

டயல் படம் அப்படி ஏமாற்றாது. சித்திரங்கள் பெரும்பாலும் ஒரே குடும்பம்: பஞ்சுக்காய் என்றால் பருத்தி, நூல்கண்டு என்றால் கம்பளி. ஆனால் நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் முள் பக்கத்துச் சித்திரத்தைக் காட்டுவதுபோல் தெரியும். குனிந்து, டயலுக்கு நேராகப் போனைப் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். பக்கத்துப் பட்டன்களும் படத்தில் வரட்டும். ஆச்சியின் விஷயத்தில் விடை அங்கேதான் இருந்தது.

சுழல் கோடு என்றால் பிழிதல். அதன்மேல் குறுக்குக்கோடு என்றால் பிழிய வேண்டாம், தண்ணீர் மட்டும் போகட்டும். தொட்டியும் கீழ்நோக்கிய அம்பும் தண்ணீரை வெளியேற்றுவது. அம்பில்லாமல் தொட்டிக்குள் அலைக்கோடு மட்டும் இருந்தால் பல மாடல்களில் அலசிய தண்ணீரை அப்படியே நிறுத்திவை என்று பொருள்; துணி கசங்காமல் ஊறிக் கிடப்பதற்காக. ஆச்சியின் படத்தில் இந்தக் கடைசிச் சித்திரத்தின் பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் இருக்கும்வரை கதவு பூட்டியே இருக்கும். திரையில் சாவிச் சித்திரம் தெரிந்ததும் அதனால்தான். பழுது ஒன்றுமில்லை.

வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். 0:00 என்று முழுதாகத் தெரிந்தது. அதாவது வேலை முடிந்து காத்திருக்கிறது. இனி இரண்டு வழி: அம்பு போட்ட தொட்டிக்கு டயலைத் திருப்பினால் துணி சொட்டச் சொட்ட வரும், சுழலுக்குத் திருப்பினால் மெஷின் தண்ணீரை விட்டுவிட்டுப் பிழியவும் செய்யும். உள்ளே கிடந்தது கண்டாங்கிச் சேலை. தடித்த பருத்தி, சொட்டினால் காய ஒரு நாளாகும் என்பதால் சுழலையே சொன்னேன். சற்று நேரத்தில் சாவி அணைந்தது, கதவு திறந்தது. அலைக்கோட்டுப் பட்டனைத் தொட்டது யார் என்று ஆச்சி வீட்டின் இரண்டாம் கட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது.