ஹீட்டர் சர்வீஸ் என்ற பெயரில் 3,460 ரூபாயும், போகவிருந்த ஓர் உயிரும்: மதுரை மக்கள் கவனத்திற்கு

கைபேசிச் செயலி மூலம் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பழுது நீக்கித் தரும் நிறுவனம் ஒன்றிடம் 3,460 ரூபாய் கொடுத்து, குளியலறைத் தண்ணீர் ஹீட்டரைக் குழாயில் மின்சாரம் பாயும் ஹீட்டராக மாற்றி வாங்கியிருக்கிறோம். நேற்றுக் காலை எழுபது வயதைக் கடந்த என் தந்தை ஈரக்கையால் குழாயைத் திருகியபோது கை சுள்ளென்று இழுத்திருக்கிறது. ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் தப்பினார். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன். வரிசை முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ஒத்தக்கடைப் பக்கம். போர் தண்ணீர்தான்; பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். 2017இல் வாங்கிய 15 லிட்டர் ஹீட்டரில் சில வாரங்களாக இரைச்சல் கேட்டது. தண்ணீர் வெதுவெதுப்பாகும் முன்பே சிவப்பு விளக்கு அணைந்துவிடும். தண்ணீரைச் சூடாக்கும் காயிலைச் சுற்றியும், தெர்மோஸ்டாட் செருகியிருக்கும் சிறு குழாயைச் சுற்றியும் உப்பு ஒரே கட்டியாகச் சேர்ந்துவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று இப்போது தெரிகிறது. காயிலின் சூடு தண்ணீருக்குப் பரவாமல் அந்தக் கட்டிக்குள்ளேயே நின்றுவிட, தண்ணீர் முழுவதும் சூடாகிவிட்டதாக எண்ணித் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. உப்பை முறையாக எடுத்திருந்தாலே போதும்; தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

செயலி நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் கழுத்தில் அடையாள அட்டை, வாசலில் கழற்றி வைத்த காலணி என்று அவ்வளவு பணிவாக இருந்தார். செய்தித்தாளை விரித்து, ஹீட்டருக்குள்ளிருந்து உதிர்ந்த உப்புக் கட்டிகளை அதில் கொட்டிக் காட்டி, "போர் தண்ணிக்கு எந்த ஹீட்டரும் தாங்காதுக்கா, தெர்மோஸ்டாட்டும் போயிருச்சு, மாத்திட்டா அஞ்சு வருஷத்துக்குப் பிரச்சினை இல்ல" என்றார். என் கண்முன்னே புதுப்பெட்டி ஒன்றின் ஒட்டுத்தாளைக் கிழித்து, பளபளக்கும் தெர்மோஸ்டாட்டை எடுத்துக் காட்டினார். அந்த இடத்தில்தான் நான் முழுமையாக நம்பினேன். பெட்டி மேசையிலேயே இருந்தது. அதிலிருந்த பொருள் குளியலறைக்குள் போனது, பிறகு அவருடைய பைக்குள் திரும்பிவிட்டது என்பதை அன்று எப்படி அறிவது? உப்பு நீக்க 1,200, தெர்மோஸ்டாட்டுக்கு 1,450, கருகிய பிளக்கையும் வயரையும் மாற்ற 650, வந்து பார்த்ததற்கு 160 என மொத்தம் 3,460 ரூபாய், செயலியிலேயே செலுத்தினேன்.

அதன்பின் தண்ணீர் ஆவி பறக்க வந்தது. சிவப்பு விளக்கு அணையவே இல்லை. நன்றாக வேலை செய்கிறது என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டோம். 2,000 வாட் ஹீட்டர் ஒன்று, 15 லிட்டர் தண்ணீரை நம் ஊர்க் குழாய்ச் சூடான 27 டிகிரி அளவிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 17 நிமிடம்தான் எடுக்கும். அரை மணி நேரம் கடந்தும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை என்று பொருள்.

தந்தைக்கு ஷாக் அடித்த பிறகு, எங்கள் தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் அண்ணனை அழைத்து வந்தோம். முதலில் மெயினை நிறுத்தினார்; பிறகு ஹீட்டரின் கீழ்மூடியைக் கழற்றினார். உள்ளே 2017 என்று அச்சிட்ட அதே பழைய தெர்மோஸ்டாட் துணியால் துடைக்கப்பட்டு உட்கார்ந்திருந்தது. அதன் இரு முனைகளையும் விரல் நீள வயர் ஒன்று நேராக இணைத்திருந்தது. அதாவது, சூட்டை அளந்து நிறுத்தும் தெர்மோஸ்டாட்டையும், அது தவறினால் காப்பாற்ற வேண்டிய கட்-அவுட்டையும் சேர்த்தே செயலற்றதாக்கிவிட்டுப் போயிருக்கிறார். பிளக்கைத் திறந்தால் அதைவிடக் கொடுமை. மூன்று பின் பிளக்தான். ஆனால் புதிதாகப் போட்டது இரண்டு கம்பி வயர். எர்த்துக்கான தடித்த பின்னின் திருகில் எதுவும் மாட்டப்படவில்லை. ஹீட்டருக்குள் இருந்த பச்சை வயர் வெட்டப்பட்டு, கறுப்பு டேப் சுற்றி, ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

காயிலை வெளியே எடுத்து, மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தார். பல மெகா ஓம் காட்ட வேண்டிய இடத்தில் ஊசி பூஜ்யத்தை ஒட்டி நின்றது. காயில் என்பது வெளியே செம்புக்குழாய், உள்ளே சூடாகும் கம்பி, இரண்டுக்கும் நடுவே இறுக்கி அடைத்த வெள்ளைத் தூள். அந்தத் தூள்தான் மின்சாரத்தைத் தடுத்து வைக்கிறது. உப்பை எடுக்க அந்த இளைஞர் கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றி, ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டியிருக்கிறார். செம்பில் ஊசிமுனை அளவுக்குக் குழிகளும் கீறல்களும் தெளிவாகத் தெரிந்தன. அவற்றின் வழியாகத் தண்ணீர் தூளுக்குள் இறங்க, மின்சாரம் ஹீட்டரின் உடலுக்கும் அங்கிருந்து குழாய்க்கும் கசிந்திருக்கிறது. பச்சை வயர் இருந்திருந்தால் கசிவு மண்ணுக்குள் போயிருக்கும். அது இல்லாததால் என் தந்தையின் கையைத் தேடி வந்தது.

"டிரிப்பர் இருந்தும் ஏன் விழவில்லை?" என்று கேட்டேன். இந்த ஹீட்டர் இழுப்பதே ஏறத்தாழ 9 ஆம்பியர். நாம் டிரிப்பர் என்று சொல்லும், 16 ஆம்பியருக்கு வைத்த எம்.சி.பி., மனிதனைக் கொல்லப் போதுமான சில பத்து மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டுகொள்ளாது என்றார். அதைக் கவனிப்பது ஆர்.சி.சி.பி. என்னும் வேறு கருவி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே அது நொடிக்குள் துண்டித்துவிடும். எங்கள் வீடு பழையது; அதில் ஆர்.சி.சி.பி. இல்லை.

செயலி நிறுவனத்தை அழைத்தேன். முதலில் பேசியவர் புகைப்படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். அடுத்தவர், "வெளி ஆள் திறந்துட்டதால வாரண்டி செல்லாது மேடம்" என்றார். ஷாக் அடிக்கும் ஹீட்டரைத் திறக்காமல் எப்படிப் புகைப்படம் எடுப்பது என்று கேட்டதற்கு, பணியாளர் தங்கள் ஊழியர் அல்லர், பங்குதாரர் என்று பதில் வந்தது. மாலையில் பார்த்தால் புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டிருந்தது. 3,460 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்.

விரிவாக எழுதப் பொறுமை இல்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். உதிரிப்பாகம் மாற்றினால் பழையதைக் கையில் வாங்குங்கள். புதியது உள்ளே பொருத்தப்பட்டிருப்பதை மூடி போடும் முன் பாருங்கள். உப்பை எடுக்க வினிகர் அல்லது சிட்ரிக் அமிலக் கரைசலில் காயிலை ஊறவைத்தால் போதும். கழிப்பறை ஆசிட்டும் சுரண்டலும் கூடாது. போர் தண்ணீர் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை செய்யுங்கள். தண்ணீர் சூடானதும் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் குளியுங்கள். ஆர்.சி.சி.பி. இல்லாத வீடுகளில் உடனே போடுங்கள்.

எர்த்தைச் சோதிக்க, கரண்ட் வரும் ஃபேஸ் துளைக்கும் எர்த் துளைக்கும் இடையே பல்பு எரிவதைக் காட்டி ஏமாற்றுவார்கள். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருந்தாலும் பல்பு எரியும். அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஹீட்டரின் உடல் முழுவதும் கரண்ட்தான். ஆகவே எலக்ட்ரீஷியனிடம், மெயினை நிறுத்திய பின் சாக்கெட்டைக் கழற்றச் சொல்லி, பச்சை வயர் சுவருக்குள்ளிருந்து தனியாக வருகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.