காபர்கோலின்: கருத்தரிக்கும் வரையிலும், நிறுத்திய பிறகும்

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் எனக்கு ஒரு கட்டி, அளவு 6 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மைக்ரோ அடினோமா என்பார்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை அது அதிகமாகச் சுரந்ததால், ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 142 நானோகிராம் காட்டியது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஏறக்குறைய 25க்குள் இருக்க வேண்டும். மாதவிடாய் நின்றுபோயிருந்தது, மார்பில் பால் கசிந்தது. குழந்தை வேண்டும் என்று டாக்டரிடம் போனபோதுதான் இதெல்லாம் தெரிய வந்தது. எம்ஆர்ஐ எடுக்கும் முன்பே அவர் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்தார், தைராய்டும் பார்த்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றும் கேட்டார். வாந்திக்குத் தரும் டொம்பெரிடோன்கூட புரோலாக்டினை ஏற்றிவிடுமாம்.

புரோலாக்டினைக் குறைக்கக் காபர்கோலின் மாத்திரை கொடுத்தார். ஆரம்பம் 0.25 மில்லிகிராம், அதாவது அரை மாத்திரை, வாரத்துக்கு இரண்டு முறை. இந்த மருந்து உடம்பில் வெகுநேரம் தங்கும், அதனால் தினமும் தேவையில்லை. முதல் வாரங்களில் குமட்டலும், படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலைசுற்றலும் இருந்தன. இரவு சாப்பாட்டோடு போட்டுக்கொண்டு உடனே படுத்துவிட்டால் பாதி தொல்லை தூக்கத்திலேயே போய்விடும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது புரோலாக்டின் 61. மாத்திரையின் அளவை 0.5 மில்லிகிராமுக்கு ஏற்றினார்கள். அடுத்த பரிசோதனையில் 17.

இந்த இடத்தில் டாக்டர் சொன்ன ஒன்றுதான் எனக்கு மிகவும் உதவியது. புரோலாக்டின் இறங்கியதும், முதல் மாதவிடாய் வரும் முன்பே கருமுட்டை வெளிவரலாம். அப்போதே கரு தங்கிவிட்டால், மாதவிடாய் "தள்ளிப்போனது" என்று சொல்ல முந்தைய தேதியே இருக்காது. எத்தனை வாரம் மருந்தோடு கர்ப்பம் ஓடியது என்றும் தெரியாது. அதனால் சுழற்சி சீராகும் வரை ஆணுறை பயன்படுத்தச் சொன்னார். "நாள் கணக்கு தெரிஞ்சாதாம்மா சரியான நேரத்துல நிறுத்த முடியும்" என்றார். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

சுழற்சி சீரான பிறகு முயற்சி செய்தோம். தேதி தள்ளியதும் சிறுநீர்ப் பரிசோதனை செய்தேன், இரண்டு கோடு. டாக்டரைக் கூப்பிட்டேன். அன்று இரவு போட வேண்டிய மாத்திரையைப் போடவில்லை. படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, அப்படியே நிறுத்தலாம் என்றார். அதுவரை போட்டது குழந்தையைப் பாதித்திருக்குமோ என்ற பயம் வரத்தான் செய்யும். ஆரம்ப வாரங்களில் இந்த மருந்தோடு இருந்த கர்ப்பங்களைக் கவனித்ததில் கருச்சிதைவோ பிறவிக் குறையோ கூடியதாகத் தெரியவில்லை என்று விளக்கினார். கடைசி மாத்திரை உடம்பை விட்டுப் போகவே இரண்டு வாரம் ஆகும், அதனால் ஒரு நாள் முன்னே பின்னே ஆனதற்குப் பதற வேண்டாம் என்பதும் அவர் சொன்னதுதான்.

கர்ப்பத்தில் நான்காம் மாதம், வேறொரு இடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் யாரும் கேட்காமலே புரோலாக்டினும் சேர்ந்திருந்தது. 190! வீட்டில் எல்லோரும் கட்டி வளர்ந்துவிட்டது என்றே முடிவு கட்டினார்கள். ஆனால் கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்கும் புரோலாக்டின் பல மடங்கு ஏறும். அந்த எண்ணை வைத்துக் கட்டியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, அதனால்தான் அதைப் பார்ப்பதே இல்லை. வழக்கமாக எம்ஆர்ஐயும் எடுப்பதில்லை. பார்க்க வேண்டியது அறிகுறிகளைத்தான்: விடாமல் கூடிக்கொண்டே போகும் தலைவலி, பக்கவாட்டுப் பார்வை குறைவது. நடக்கும்போது கதவு நிலையில் தோள் இடிப்பதுகூட ஒரு தடயம். அப்படி வந்தால் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்க்கும் பார்வைப் புலப் பரிசோதனை, காண்ட்ராஸ்ட் ஊசி இல்லாத எம்ஆர்ஐ, கட்டி வளர்ந்திருந்தால் மறுபடி மருந்து.

சிறிய கட்டியில் இப்படி நடப்பது நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான். 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் கதையே வேறு. அங்கே அபாயம் பல மடங்கு, கர்ப்பத்துக்கு முன்பே கட்டியைச் சுருக்க வேண்டும், கர்ப்பத்தின்போது அவ்வப்போது பார்வைப் புலப் பரிசோதனை உண்டு, சிலருக்குக் கர்ப்பம் முழுக்க மருந்தே தொடரும். என் அனுபவத்தைப் பார்த்து அவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது.

எனக்கு இடையில் ஒருமுறை தலைவலி வந்தது. பார்வைப் புலம் சரியாக இருந்தது, தலைவலியும் தானே போனது. பிரசவத்துக்குப் பிறகு மாத்திரை தொடங்கவில்லை, தொடங்கினால் பால் வற்றிவிடும். பால் கொடுப்பதால் கட்டி வளராது என்றும் சொன்னார்கள். பாலூட்டும் காலத்திலும் புரோலாக்டின் எண்ணுக்கு அர்த்தமில்லை, அதனால் பால் மறக்கடித்த பிறகே பார்த்தோம்: 34. எம்ஆர்ஐயில் கட்டி 4 மில்லிமீட்டர். மாதவிடாய் தானாகவே சீராக வருவதால் இப்போதைக்கு மாத்திரை இல்லை. அடுத்த புரோலாக்டின் பரிசோதனை ஆறு மாதம் கழித்து.