மாங்கொட்டை ஊன்றுவதா, ஒட்டுக்கன்று வைப்பதா?

திருச்சிப் பக்கம் இருந்த பழைய வீட்டை விற்பது என்று முடிவானபோது, பின்கட்டில் நின்ற இமாம்பசந்து மரத்தை மட்டும் விட மனமில்லை என்றார் அப்பா. அந்த வருஷத்துப் பழங்களில் நல்லதாகப் பார்த்து நாலு கொட்டையை எடுத்து வைத்து, புது வீட்டில் ஊன்றலாம் என்பது அவர் யோசனை. மரத்திலிருந்து குச்சி வெட்டி ஒட்டுக்கட்டலாம் என்பது என் யோசனை. கடைசியில் ஒட்டுதான் நட்டோம். இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கொட்டைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. செலவே இல்லை, ஆணிவேர் ஆழமாக இறங்கும், மரம் ஓங்கி வளர்ந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு நிற்கும். எல்லாம் சரிதான். ஆனால் “இனிப்பான பழத்தின் கொட்டை இனிப்பான பழம்தானே கொடுக்கும்” என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலானவர்கள் ஊன்றுகிறார்கள். அந்த இடத்தில்தான் கணக்கு தவறுகிறது.

நாம் சாப்பிடும் சதை முழுக்கத் தாய் மரத்தின் உடம்பு. பூவின் சூலகச் சுவர் பருத்துத்தான் தோலும் சதையும் கொட்டையின் ஓடும் ஆகின்றன. எந்த மரத்தின் மகரந்தம் வந்து விழுந்தாலும் இமாம்பசந்து மரத்தில் காய்ப்பது இமாம்பசந்துதான். ஓட்டுக்குள் இருக்கும் பருப்பின் கதை வேறு. அதிலுள்ள கரு, பாதி தாயிடமிருந்தும் பாதி மகரந்தம் தந்த மரத்திடமிருந்தும் பிறந்த புது உயிர். பழத்தின் ருசியை வைத்து அந்தக் கருவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அப்பா யார் என்பதும் தெரியாது. மாம்பூங்கொத்து ஒன்றில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும். அவற்றில் பல வெறும் ஆண் பூக்கள், சில மட்டுமே காயாகக்கூடிய இருபால் பூக்கள். ஈயும் தேனீயும் சின்னச் சின்னப் பூச்சிகளும் தெரு முழுக்க மேய்ந்துவிட்டு வந்து உட்காரும். எங்கள் பழைய வீட்டைச் சுற்றி நீலம், கிளிமூக்கு, பெயர் தெரியாத நாட்டு மரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பூத்து நின்றன. அதில் எதுவும் தகப்பனாக இருக்கலாம். போதாக்குறைக்குத் தாய் மரமே பல தலைமுறைக் கலப்பில் வந்தது. ஒவ்வொரு குணத்துக்கும் அதனிடம் இருக்கும் இரண்டு பிரதிகளும் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்காது. அந்த இரண்டில் எது பிள்ளைக்குப் போகும் என்பது ஒவ்வொரு கருவிலும் மாறுகிறது. ஆகவே தன் மகரந்தத்திலேயே காய்த்தாலும் பிள்ளை தாயைப்போல இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதை நம்பக் கஷ்டமாக இருந்தால் மல்லிகாவையும் ஆம்ரபாலியையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் புது தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகங்கள். மல்லிகா 1971-இல், ஆம்ரபாலி 1978-இல். இரண்டுக்கும் பெற்றோர் ஒன்றே: நம்மூர் நீலமும் வடக்கத்தித் தசேரியும். மல்லிகாவில் நீலம் தாய், ஆம்ரபாலியில் தசேரி தாய். மல்லிகாவின் பழம் பெரிது. ஆம்ரபாலியின் பழம் அதைவிடச் சிறிது, சதை அடர்ந்த ஆரஞ்சு நிறம்; மரமும் குட்டை, அதனால் நெருக்கி நடலாம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இவ்வளவு வேறுபடுகிறார்கள், அதுவும் பெற்றோர் இருவரையும் ஆள் பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சேர்த்த பிறகு.

சரி, வேறு மாதிரி வந்தால்தான் என்ன, அதுவும் மாம்பழம்தானே என்று கேட்கலாம். என் முடிவைத் தீர்மானித்தது ருசி அல்ல, காலம். கொட்டையிலிருந்து வந்த கன்று முதல் பூ பூக்க ஆறு முதல் பத்து வருஷம்கூட ஆகும். அது வரைக்கும் அது என்ன மரம் என்று யாராலும் சொல்ல முடியாது. இலையைக் கசக்கி மோந்து பார்த்து ரகம் சொல்லும் ஆட்கள் உண்டு. ஆனால் இந்தக் கன்று ஒரு புது ரகம், அதன் வாசனையை வைத்துப் பழத்தின் நாரையும் புளிப்பையும் அவர்களாலும் சொல்ல முடியாது. எட்டு வருஷம் தண்ணீர் ஊற்றி, வீட்டு மனையில் இருபத்தைந்து அடிக்கு மேல் இடம் கொடுத்து, கடைசியில் நாரும் புளிப்புமாக ஒரு பழம் வந்தால் அதற்குள் மரத்தை வெட்டவும் மனம் வராது. புது ரகம் தேடும் ஆராய்ச்சியாளர்கள் நிறையக் கன்றுகளை வளர்த்து ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் இருப்பது ஒரு குழிக்கான இடம்.

கொட்டைக் கட்சிக்காரர்கள் இங்கே ஹேடனைச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். 1889-இல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மல்கோவா ஒட்டுகள் போயின. அங்கே காய்த்த மல்கோவாவின் கொட்டைகளை கேப்டன் ஹேடன் என்பவர் 1902-இல் தன் இடத்தில் ஊன்றினார். அவற்றில் ஒரு கன்று 1910-இல் காய்த்தபோது சிவப்பேறிய, பெரிய, அழகான பழம் வந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பின்னாளில் மரபணுவைப் பார்த்ததில், தகப்பன் அங்கே ஏற்கெனவே இருந்த ‘டர்பன்டைன்’ என்ற நார் நிறைந்த சாதாரண மாங்காய் எனத் தெரிந்தது. இன்று உலகச் சந்தையில் விற்கும் டாமி அட்கின்ஸ், அந்த ஹேடனின் கொட்டையில் வந்த பிள்ளை. ஆக, கொட்டையில் அதிர்ஷ்டம் அடிக்கலாம். ஆனால் ஹேடன் மரம் பரவியது கொட்டையால் அல்ல, ஒட்டால். நல்லது கிடைத்த மறுநிமிஷமே எல்லோரும் கத்தியைத்தான் எடுத்தார்கள்.

ஒட்டு என்பது பிள்ளை அல்ல, அதே மரத்தின் தொடர்ச்சி. தாய் மரத்தின் குச்சி வேறொரு செடியின் வேரில் உட்கார்ந்து வளர்கிறது, அவ்வளவுதான். கருவே உருவாகாததால் கலப்பும் இல்லை. குச்சி ஏற்கெனவே காய்த்துப் பழகிய மரத்தினுடையது என்பதால் அதற்குக் குழந்தைப் பருவமும் கிடையாது. அதனால்தான் ஒட்டுக்கன்று நட்ட முதல் இரண்டு வருஷத்திலேயே பூக்கப் பார்க்கிறது. அந்தப் பூக்களைக் கிள்ளிவிட வேண்டும், கன்றுக்குத் தாங்காது. நான்காம் வருஷத்திலிருந்து காய்க்க விடலாம்.

எங்கள் மரத்துக்குச் செய்தது மென்தண்டு ஒட்டு. நாட்டு மாங்கொட்டையில் முளைத்து, பென்சில் கனத்தில் பைக்குள் நின்ற நாற்றுகளை நர்சரிக்காரரே வைத்திருந்தார். இதுதான் வேர்ச்செடி. கொட்டை நாற்றுக்கு இங்கேயும் வேலை இருக்கிறது, பழம் மட்டும் அதனுடையது அல்ல. ஒட்டுக்குச்சிக்கு, வெயில் படும் வெளிப்பக்கக் கிளைகளின் நுனியில் மூன்று நான்கு மாதம் முதிர்ந்த, அந்தப் பருவத்தில் பூக்காத தண்டுகளைத் தேர்ந்தெடுத்தார். உடனே வெட்டவில்லை. இலைகளைக் காம்பு மிச்சம் இருக்கும்படி நறுக்கிவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரச் சொன்னார். அதற்குள் காம்புகள் உதிர்ந்து நுனி மொட்டு பருத்திருந்தது. இலை போய்விட்டதால் குச்சியின் சத்து மொட்டுக்குத் திரும்பியிருக்கிறது. இந்த மொட்டுதான் சீக்கிரம் வெடிக்கும். அவசரப்பட்டு அன்றே வெட்டி அன்றே கட்டும் ஒட்டுகள் பெரும்பாலும் காய்ந்துபோவதற்கு இந்தப் பத்து நாளைத் தவிர்ப்பது ஒரு முக்கியமான காரணம்.

நாற்றின் தலையை வெட்டி நடுவில் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளந்து, குச்சியின் அடியை இரண்டு பக்கமும் அதே நீளத்துக்கு ஆப்புப்போலச் சீவி உள்ளே இறக்கினார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு வளர் அடுக்கு இருக்கிறது. ஒட்டு பிடிப்பது இந்த அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டால்தான். இரண்டு தண்டும் ஒரே கனமாக இருந்தால் இரண்டு பக்கமும் பொருந்தும். குச்சி மெலிந்திருந்தால் நடுவில் வைக்காமல் ஒரு ஓரமாகத் தள்ளி, அந்தப் பக்கமாவது பட்டையோடு பட்டை சேர வைக்க வேண்டும். அப்புறம் பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, குச்சி காயாமல் இருக்க மேலே ஐஸ் குச்சி கவர் ஒன்றைக் கவிழ்த்துக் கட்டினார். காற்றில் ஈரம் இருக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரை இதற்கு ஏற்ற காலம்.

இரண்டு மூன்று வாரத்தில் விவரம் தெரிந்துவிடும். குச்சி பச்சையாக இருந்து மொட்டு செம்பு நிறத்தில் விரிந்தால் பிடித்துவிட்டது. கருத்துச் சுருங்கினால் போயிற்று. எட்டு வருஷத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. போனால் அதே வேர்ச்செடியில் கீழே வெட்டி மறுபடி கட்டலாம்.

ஒட்டில் பராமரிப்பு என்று ஒன்று இருந்தால் அது ஒட்டுக்குக் கீழே இருக்கிறது. வேர்ச்செடி விடாமல் துளிர்த்துக்கொண்டே இருக்கும். அந்தத் துளிர் மேலே இருப்பதைவிட வேகமாக வளரும், கவனிக்காவிட்டால் மேலே உள்ளதைப் பட்டினி போட்டுவிடும். “ஒட்டு மரம்தான் வைத்தேன், நாட்டு மாங்காய் காய்க்கிறது” என்று சொல்பவர்கள் தோட்டத்தில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். நர்சரியில் வாங்கும்போதும் மண்ணிலிருந்து ஒரு சாணுக்குள் அந்த V வடிவத் தழும்பு இருக்கிறதா, இலைகள் அதற்கு மேலிருந்து வருகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். நாடாவை இரண்டு மூன்று மாதத்தில் அவிழ்க்காவிட்டால் தண்டை அறுத்துவிடும். நடும்போது தழும்பு மண்ணுக்குள் போகக் கூடாது.

கொட்டைக்கு நேர்மையாக ஒரு விலக்கு கொடுக்க வேண்டும். மேற்குக் கரைப் பக்கத்து ஒலூர், மூவாண்டன், வெள்ளைக்கொழும்பான் போன்ற ரகங்களில் ஒரு கொட்டையிலிருந்தே பல கன்றுகள் முளைக்கும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தத்தின் பங்கே இல்லாமல் தாயின் திசுவிலிருந்து உருவானவை, தாயின் அச்சு. அந்த ரகங்களைக் கொட்டையில் வைப்பதில் தப்பே இல்லை. அல்போன்சா, பங்கனப்பள்ளி, நீலம், மல்கோவா, எங்கள் இமாம்பசந்து எல்லாம் ஒற்றைக் கரு ரகங்கள், இந்தச் சலுகை இவற்றுக்குக் கிடையாது.

ஆணிவேர்தான் முக்கியம் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. மரம் நிற்கப்போகும் குழியிலேயே நாட்டுக் கொட்டையை ஊன்றி, அது வளர்ந்ததும் அங்கேயே ஒட்டுக்கட்டுவது. பைக்குள் வேர் சுருளாது, வறட்சியும் தாங்கும். கொட்டையில் வந்த மரம் ஏற்கெனவே வளர்ந்து புளித்த பழம் கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் வேரோடு சாய்க்க வேண்டாம். கிளைகளை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வெட்டி, வெட்டில் போர்டோ பசை பூசி, வரும் துளிர்களில் நல்ல நாலைந்தை மட்டும் விட்டு அவற்றில் ஒட்டுக்கட்டலாம். இதை நான் என் கையால் செய்ததில்லை. பக்கத்துத் தோட்டத்தில் பார்த்த வரையில், ஒட்டு பிடிப்பதைவிட வெட்டிய தண்டில் தண்டுத்துளைப்பான் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே பெரிய பாடாக இருந்தது. தண்டில் ஓட்டையும் மரத்தூளும் தெரிகிறதா என்று வாரம் ஒருமுறை சுற்றிப் பார்க்கிறார்கள்.