மினிமம் பேலன்ஸ் என்று 118 ரூபாய் பிடித்திருந்தால் பேசாமல் விடாதீர்கள்

பீடிக் கூலியோ, நூறு நாள் வேலைப் பணமோ வந்து விழுந்ததும் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிடுகிற கணக்குகள் முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் ஏராளம். மினிமம் பேலன்ஸ் அபராதம் முதலில் கடிக்கிற கணக்குகளும் இவைதான். பாஸ்புக்கைப் பதிந்து பார்க்கும்போது ‘MIN BAL CHGS’ என்ற மாதிரி ஒரு வரி இருந்தால், கவுண்டரில் “சிஸ்டம்ல தானா பிடிச்சிருக்கு அண்ணாச்சி” என்று சொல்வார்கள். சிஸ்டம் பிடித்தது உண்மைதான். ஆனால் சரியாகத்தான் பிடித்தது என்பதற்கு அது பதில் ஆகாது.

முதலில் கணக்கு எந்த வகை என்று பாருங்கள். ஜன்தன் கணக்குக்கும் அடிப்படை சேமிப்புக் கணக்குக்கும் மினிமம் பேலன்ஸே கிடையாது. பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் PMJDY அல்லது BSBD என்று இருந்தால் மேற்கொண்டு கணக்குப் போடவே வேண்டாம், பிடித்தது முழுவதும் தவறு. இரண்டு வருடமாக நீங்கள் எதுவும் செய்யாமல் முடங்கிப்போன கணக்கிலும் இந்த அபராதம் போடக்கூடாது. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலும், கனரா, இந்தியன் வங்கிகள் 2025-லும் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு இதைக் கைவிட்டுவிட்டன.

மற்ற வங்கிகளில், ‘மாத சராசரி’ என்பதுதான் பலருக்கும் பிடிபடாத இடம். ஒருநாள் இருப்பு 200 ரூபாய்க்கு இறங்கியதால் அபராதம் என்று நினைக்கிறோம். ஒவ்வொரு நாள் முடிவிலும் இருக்கிற தொகையைக் கூட்டி, நாள்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே சராசரி. ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்வோம். முதல் பத்து நாள் 500, அடுத்த பத்து நாள் 5,000, கடைசிப் பத்து நாள் 800 ரூபாய் இருந்தது. கூட்டினால் 63,000, முப்பதால் வகுத்தால் 2,100. வங்கி கேட்கும் சராசரி 2,000 என்றால் இங்கே அபராதத்துக்கு இடமே இல்லை.

நடுப் பத்து நாளில் 2,900 மட்டுமே இருந்திருந்தால் சராசரி 1,400, குறைவு 600. ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் போட்ட உத்தரவுப்படி (2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது), அபராதம், எவ்வளவு குறைந்ததோ அந்தத் தொகையின் மீதான சதவீதமாக இருக்கவேண்டும். வங்கியின் கட்டணப் பட்டியலில் 5 சதவீதம் என்று இருந்தால் 30 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 5.40, ஆக 35.40. அந்த இடத்தில் 100-க்கு ஜிஎஸ்டி சேர்த்து 118 பிடித்திருந்தால் 82.60 அதிகம்.

அதைவிடப் பலமான கேள்வி ஒன்று உண்டு. பேலன்ஸ் குறைந்ததை மெசேஜிலோ கடிதத்திலோ மின்னஞ்சலிலோ சொல்லி, அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதம் அவகாசம் தந்த பிறகுதான் பிடிக்கலாம். ஜூலை 3-ல் மெசேஜ், 5-ல் பிடித்தம் என்றால் அது விதிமீறல். போன் நம்பர் மாறியிருந்தால் மெசேஜ் வந்திருக்காது, அது உங்களுக்குப் பாதகம். நம்பரை இன்றே புதுப்பியுங்கள். அபராதம் மட்டுமே காரணமாகக் கணக்கு மைனஸில் போனாலும் தவறுதான்.

மெசேஜ் கட்டணம் சின்னது என்று விட்டுவிடுகிறோம். காலாண்டுக்கு 17.70 (15 ரூபாயும் ஜிஎஸ்டியும்) என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி பிடித்தால், “எத்தனை மெசேஜ், ஒன்றுக்கு எவ்வளவு?” என்று கேளுங்கள். அனுப்பிய மெசேஜ்களின் எண்ணிக்கைப்படிதான் வாங்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியிருக்கிறது.

வாயால் கேட்டால் நடக்காது. மேனேஜருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: கணக்கு எண், பிடித்த தேதி, தொகை, பாஸ்புக்கில் உள்ள வரி அப்படியே. பிறகு, “எந்தத் தேதியில் எனக்கு அறிவிப்பு அனுப்பினீர்கள், அந்த மாதத்தின் சராசரிக் கணக்கு என்ன என்று எழுத்தில் தாருங்கள், இல்லையெனில் ஜிஎஸ்டியோடு திரும்ப வரவு வையுங்கள்.” பாஸ்புக் நகலை இணைத்து, உங்கள் பிரதியில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்தத் தேதியிலிருந்துதான் 30 நாள் ஓடும்.

அதற்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லாவிட்டால், தாமதிக்காமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. கூகுளில் ‘ரீஃபண்ட் நம்பர்’ தேடிக் கூப்பிடாதீர்கள். பணத்தைத் திருப்பித் தர யாருக்கும் ஓடிபி தேவையில்லை.

வரவு வந்ததும் தொகையைச் சரிபாருங்கள். 118 பிடித்துவிட்டு 100 மட்டும் போட்டிருந்தால், மீதி 18-க்கும் அதே கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள்.