மலத்தை அடக்கும் குழந்தை: கீழிருந்து எடுப்பதா, சிரப்பா, பவுடரா?

இரண்டரை வயதுக் குழந்தை கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறது. கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் எம்பி, முகம் சிவக்க உடம்பை விறைக்கிறது. "பாவம், முக்குது, வரமாட்டேங்குது" என்பார்கள் பார்ப்பவர்கள். பெரும்பாலும் அது முக்கவில்லை, வருவதை வரவிடாமல் பிடித்துவைக்கிறது. என்றோ ஒருநாள் கெட்டியாகப் போய், ஆசனவாயில் கீறல் விழுந்து வலித்திருக்கும். அந்த வலி மறுபடி வராமலிருக்க அதற்குத் தெரிந்த ஒரே வழி அடக்குவதுதான். அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இன்னும் பெரிதாகி இறுகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். மாதக்கணக்கில் இப்படியே போனால் மலக்குடல் விரிந்து தளர்ந்துவிடும். பிறகு, நிறைந்திருக்கிறது என்ற உணர்வே குழந்தைக்கு மங்கிப்போகும்.

ஆகவே எந்த வைத்தியத்தையும் 'எவ்வளவு சீக்கிரம் போகவைக்கும்' என்று அளக்கக் கூடாது. வலியில்லாமல், தினமும், பல மாதம் போகவைக்குமா என்பதுதான் கேள்வி. இந்த ஒரே அளவுகோலில்தான் கீழே உள்ள வழிகளை வைத்துப் பார்க்கிறோம்.

அதற்கு முன் ஒன்று. பிறந்து 48 மணி நேரம் கழித்துத்தான் முதல் கறுப்பு மலம் போனது, பிறந்த முதல் மாதத்திலேயே சிக்கல் தொடங்கியது, வயிறு உப்பிப் பச்சை வாந்தி வருகிறது, எடை ஏறவில்லை, கால்களில் பலமில்லை, முதுகின் அடியில் குழியோ முடிக்கொத்தோ இருக்கிறது: இவற்றில் எது இருந்தாலும் இந்த ஒப்பீடு அந்தக் குழந்தைக்கானது அல்ல. முதலில் குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும்.

கீழிருந்து எடுப்பது

நம் வீடுகளில் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது, மருந்துக் கடையில் கிளிசரின் மாத்திரை வாங்கி வைப்பது, ஆஸ்பத்திரியில் எனிமா. அரை மணியில் போய்விடும் என்பதால் வேலை செய்ததாகத் தோன்றும்.

எனிமா குடலைச் சுத்தம் செய்யாது என்று சொல்லவில்லை. நெதர்லாந்தில் 4 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் எனிமாவையும், வாய்வழியே அதிக அளவு, மலத்தை இளக்கும் பெக் என்ற பவுடரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தேங்கியதை வெளியேற்றுவதில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. பெக் எடுத்தவர்களுக்குத் துணியில் கசிவு அதிகம். ஆனால் அடக்கும் குழந்தையின் பயம் முழுக்க அந்த ஓர் இடத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் அங்கே எதையோ வைத்தால் அன்று மலம் போகும், பயம் இரட்டிப்பாகும். மறுநாளிலிருந்து இன்னும் இறுக்கி அடக்கும். சோப்பு கூடுதலாக உள்தோலை அரித்து எரிச்சல் தரும், ஏற்கெனவே கீறல் இருந்தால் கேட்கவே வேண்டாம். பாஸ்பேட் எனிமா 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்து, உடலின் உப்புச் சமநிலையையே குலைத்துவிடும்.

வாய்வழி மருந்து உள்ளே போகவே முடியாத நிலையிலோ, அடைப்பு வலி தாங்காமல் குழந்தை துடிக்கும்போதோ, மருத்துவர் ஒருமுறை செய்யலாம். வாராந்தர வழக்கமாக இதை வைத்துக்கொள்வது நோயை வளர்ப்பதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

லாக்டுலோஸ் சிரப்பும் பெக் பவுடரும்

இரண்டும் மலத்தில் தண்ணீரைத் தக்கவைக்கும் மருந்துகள். குடலைத் தூண்டிவிட்டு வேலை வாங்குபவை அல்ல. அதனால் 'பழகிப்போய்விடும், அப்புறம் மருந்தில்லாமல் போகாது' என்ற பயம் இவற்றுக்குப் பொருந்தாது. மருந்தை நிறுத்தியதும் சிக்கல் திரும்பினால், மலக்குடல் இன்னும் சுருங்கவில்லை, பயம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

லாக்டுலோஸ் ஒரு சர்க்கரை. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே கிருமிகளால் நொதிக்கிறது. நொதிப்பதால் வாயு, வயிற்று உப்புசம், இழுத்துப்பிடிக்கும் வலி. ஏற்கெனவே வயிறு அடைத்திருக்கும் குழந்தைக்கு இது தொந்தரவு. இனிப்பாக இருப்பதால் குடிக்கவைப்பது எளிது. எல்லா ஊர் மருந்துக் கடையிலும் கிடைக்கும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கொடுக்கலாம்.

பெக் என்று சுருக்கிச் சொல்லப்படும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கிட்டத்தட்ட உடலில் சேர்வதே இல்லை. தான் கலந்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அப்படியே மலத்தோடு வெளியேறும். நொதிக்காததால் வாயு குறைவு. உப்புச் சேர்க்காத வகைக்குச் சுவை ஏறக்குறைய இல்லை, சேர்த்த வகை கரிக்கும், குழந்தை துப்பும். 2014-இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை குடல்நல மருத்துவர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி பெக்கை முதலிடத்திலும், அது கிடைக்காதபோது லாக்டுலோஸையும் வைக்கிறது. 2018-இல் வந்த இந்திய வழிகாட்டியும் ஒரு வயதுக்கு மேல் பெக்கைத்தான் முதலில் சொல்கிறது.

லாக்டுலோஸ் தோற்பதாகச் சொல்லப்படும் பல வீடுகளில் தோற்பது அளவு. 12 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்வோம். வழிகாட்டியின்படி தினமும் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். 15 மில்லியில் 10 கிராம் உள்ள சிரப் என்றால், குறைந்த அளவே 18 மில்லி. கொடுக்கப்படுவதோ, 'போகாத அன்றைக்கு மட்டும்' 5 மில்லி. அதில் சுமார் 3.3 கிராம்தான் இருக்கிறது. அதுவும் விட்டுவிட்டு. அடக்கும் குழந்தை அதை எளிதாக வென்றுவிடும்.

பெக்கில் தவறு வேறு இடத்தில் நடக்கிறது. பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கொடுத்துவிட்டு, 'அப்புறம் நிறையத் தண்ணீர் குடிச்சான்' என்பார்கள். பின்னால் குடிக்கும் தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும். பெக்கோடு கலந்து உள்ளே போன தண்ணீர்தான் மலம்வரை போகும். 17 கிராமுக்கு சுமார் 240 மில்லி என்ற கணக்கு பொதுவானது. இன்னொன்று, கொலோனோஸ்கோபிக்கு முன் குடலைக் கழுவ 2 லிட்டரில் கலக்கும் பெரிய பாக்கெட்டும் பெக்தான். கடையில் பெக் என்று மட்டும் கேட்டால் அது கைக்கு வந்துவிடலாம். சீட்டில் எழுதியதையே வாங்குங்கள், சாஷேக் கணக்கில் இல்லாமல் கிராம் கணக்கில் அளந்து கொடுங்கள்.

12 கிலோ குழந்தைக்கு எப்படி நடக்கும்

முதல் வேலை, தேங்கியதை வெளியேற்றுவது. இதைத் தாண்டிக் குதித்துவிட்டு தினசரி அளவைத் தொடங்கினால், மேலே உள்ள இளகிய மலம் கட்டியைச் சுற்றி வழிந்து ஜட்டியில் கசியும். வீட்டில் 'வயிற்றுப்போக்கு' என்று மருந்தை நிறுத்துவார்கள். கட்டி அங்கேயே இருக்கும்.

மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தேக்கம் இருக்கிறது என்றால் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் பெக், 3 முதல் 6 நாள். 12 கிலோவுக்கு நாளுக்கு 12 முதல் 18 கிராம். 18 கிராமானால் 250 மில்லியில் கலந்து காலையும் மாலையும் பாதிப் பாதி. அந்த நாள்களில் டயப்பர் போட்டிருக்கட்டும், வெளியூர்ப் பயணம் வேண்டாம். இரண்டாம் மூன்றாம் நாளில் கட்டியும் நீருமாக நிறையப் போகும், வயிறு பிசையும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அதுதான் நடக்க வேண்டியது. கட்டியே இல்லாமல் நீராகப் போகத் தொடங்கினால் பெரும்பாலும் காலியாகிவிட்டது. வாந்தி எடுத்தாலோ வயிறு கல்லாக உப்பினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த நாளே தினசரி அளவு. கிலோவுக்கு 0.4 கிராமில் தொடங்கலாம், நம் குழந்தைக்கு சுமார் 5 கிராம், 70 மில்லி தண்ணீரில். வேண்டிய பலன் மசித்த உருளைக்கிழங்கு பதத்தில் தினமும் ஒன்றிரண்டு முறை. நீராக ஓடினால் ஒரு கிராம் குறையுங்கள். கெட்டியானாலோ ஒருநாள் தவறினாலோ ஒரு கிராம் ஏற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். கிலோவுக்கு 0.8 கிராம், அதாவது சுமார் 9.5 கிராம் வந்தும் சரியாகவில்லை என்றால் தேக்கம் மீண்டும் சேர்ந்திருக்கலாம், மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி: கீரை, பழம், கொய்யா எல்லாம் நல்லதுதான். ஆனால் வழக்கமான அளவுக்கு மேல் நார்ச்சத்தைத் திணிப்பது அடக்கும் குழந்தைக்கு மருந்தாகாது. அடைத்த குடலில் உமியைச் சேர்ப்பது சுமையைக் கூட்டுவதே. பாலை மட்டும் பாருங்கள். நாளெல்லாம் பால் புட்டியிலேயே ஓடும் குழந்தை மற்றதைத் தின்னாது.

இப்போதே பழக்குவதா, தள்ளிப்போடுவதா

இந்த இடத்தில்தான் வீடும் பள்ளியும் சேர்ந்து நெருக்கும். ப்ரீகேஜி சேர்க்கணும், டயப்பர் கூடாது, ஜூனுக்குள் பழக்கணும். மலம் வலிக்கும் காலத்தில் கழிப்பறைப் பழக்கத்தைத் தொடங்கினால் குழந்தைக்குப் பயப்பட இரண்டு விஷயங்கள் கிடைத்துவிடும். தள்ளிப்போடுங்கள். சிறுநீருக்குப் பழகியிருந்தால் அது தொடரட்டும். மலத்துக்கு டயப்பர் கேட்டால் மறுக்காமல் கட்டிவிடுங்கள். டயப்பரில் போவது அடக்குவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

வலியில்லாமல் சில வாரம் தினமும் போன பிறகு படிப்படியாக. முதலில் டயப்பரோடு பாத்ரூமுக்குள் நின்று போகட்டும். பிறகு டயப்பரோடு குழந்தைக் கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்து. பிறகு டயப்பரைக் கழற்றி அந்த இருக்கைக்குள் விரித்துவைத்து. ஒரு படியில் அடக்கத் தொடங்கினால் முந்தைய படிக்கே திரும்புங்கள். சாப்பிட்டபின் குடல் தானாக அசையும், எனவே காலை, இரவு உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் உட்காரவைப்பது போதும். போனாலும் போகாவிட்டாலும் உட்கார்ந்ததற்குத்தான் பாராட்டு. வெஸ்டர்ன் கம்மோடில் கால் தொங்கினால் முக்க முடியாது. முட்டி இடுப்பைவிட உயரும்படி பாதத்துக்கு முக்காலி வையுங்கள். பாட்டிமார்கள் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் தம் பாதங்களில் உட்காரவைப்பார்களே, அந்த நிலை மிகச் சரியானது. முட்டி மடங்குகிறது, பாதம் ஊன்றுகிறது, விழும் பயமில்லை.

எப்போது நிறுத்துவது

வழிகாட்டி சொல்வது குறைந்தது இரண்டு மாதம், அதிலும் கடைசி ஒரு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்க வேண்டும், கழிப்பறைப் பழக்கம் முழுதாக வந்தபின்தான் நிறுத்த வேண்டும். நீண்டநாள் அடக்கிய குழந்தைக்கு நடைமுறையில் ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். நிறுத்துவதும் ஒரே நாளில் அல்ல. 6 கிராம் ஓடுகிறதென்றால் இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை ஒரு கிராமாகக் குறையுங்கள்.

குறைக்கும்போது நாள்காட்டியில் தினமும் ஒரு குறி போடுங்கள்: போனதா, எந்தப் பதம், ஜட்டியில் கறை உண்டா. இரண்டு நாள் இடைவெளி, கழிப்பறையை அடைக்கும் பருமனான மலம், மறுபடி கதவுக்குப் பின்னால் ஒளிதல்: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். காய்ச்சல், பயணம், புதுப் பள்ளி ஆகிய மூன்று நேரங்களில்தான் இது அதிகம் திரும்பும், அந்த வாரங்களில் குறைக்கும் வேலையே வேண்டாம். திரும்பியதைப் பிடிக்க ஒரு வாரம் தாமதித்தால் தேக்கம் சேர்ந்துவிடும், பிறகு 12 கிராமிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.