பெருக்கிக் கணக்கு: சூத்திரமா, சமன்பாடா, சுற்றுகளா?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். தொகைகள் எல்லாம் கோடி ரூபாயில். Y நாட்டு வருமானம், C நுகர்வு, I முதலீடு, G அரசுச் செலவு, X ஏற்றுமதி, M இறக்குமதி, T வரி.

```
Y = C + I + G + X − M
C = 200 + 0.8 (Y − T)
T = 50 + 0.25 Y
I = 300,  G = 400
X = 150,  M = 50 + 0.1 Y
```

அரசு தன் செலவை 100 கோடி கூட்டுகிறது. நாட்டு வருமானம் எவ்வளவு கூடும்?

தருமபுரியில் மாலை நேரத்தில் போட்டித் தேர்வுக்குப் பொருளியல் சொல்லித்தருகிறேன். அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து வரும் பிள்ளைகள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதினால் நான்கு விடைகள் வரும்: 500, 250, 182, 200. சரியான விடை 200. மற்ற மூன்றும் கூட்டல், பெருக்கலில் வந்த தவறுகள் இல்லை. எந்த வழியில் போனார்கள் என்பதில்தான் கோளாறு. அதனால் வழிகளையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

எல்லோருக்கும் பிடித்தது சூத்திரம். பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது 1/(1 − c). இங்கே c, அதாவது இறுதிநிலை நுகர்வு நாட்டம், 0.8. ஆகவே பெருக்கி, அதாவது கூட்டிய செலவைப்போல வருமானம் எத்தனை மடங்கு கூடும் என்பது, 5; விடை 500. வருமானத்தோடு ஏறும் வரியும் இறக்குமதியும் இல்லாத பொருளாதாரத்துக்கு மட்டுமே இது பொருந்தும். இந்தக் கணக்கில் இரண்டும் இருக்கின்றன. வரி வருமானத்தோடு சேர்ந்து ஏறுகிறது என்பதைக் கவனித்தவர்கள் 1 − 0.8(1 − 0.25) = 0.4 என்று போட்டு 2.5 பெருக்கி, 250 கோடி என்று வருவார்கள். அவர்கள் இறக்குமதியை விட்டுவிட்டார்கள். மூன்றாவது கூட்டம் எதையும் விடவில்லை. ஆனால் வரி விகிதத்தை நேராகக் கீழே கூட்டிவிட்டது: 1 − 0.8 + 0.25 + 0.1 = 0.55, விடை 181.8. வரியாகப் போன ஒவ்வொரு ரூபாயும் நுகர்வை 80 காசுதான் குறைக்கிறது, மீதி 20 காசு எப்படியும் சேமிப்புக்குத்தான் போயிருக்கும் என்பது இங்கே மறந்துபோகிறது. வரி விகிதம் t, வருமானத்தில் இறக்குமதிப் பங்கு m என்றால் முழுச் சூத்திரம் இது:

```
k = 1 / [1 − c(1 − t) + m]
  = 1 / [1 − 0.6 + 0.1] = 2
```

இப்படிச் சரியாக நினைவிருந்தால் அரை நிமிடத்தில் விடை. தாளில் நூற்றுக்கும் மேல் கேள்விகள் இருக்கும்போது அந்த வேகம் பெரிய விஷயம்தான். ஆனால் சூத்திரம் தவறாக நினைவில் இருந்தால் அது தவறு என்று உங்களுக்குத் தெரியவராது. 182 என்பதும் பார்க்க நல்ல விடைபோலத்தான் இருக்கும், தெரிவுகளில் அதுவும் ஒன்றாக அச்சாகியிருக்கும்.

இரண்டாவது வழி, சமநிலை வருமானத்தை இரண்டு முறை கண்டுபிடித்துக் கழிப்பது. வரியை நுகர்வுச் சார்பில் போட்டால் C = 160 + 0.6Y. எல்லாவற்றையும் சேர்த்தால் Y = 960 + 0.5Y, அதாவது 1,920. G-யை 500 ஆக்கினால் Y = 1060 + 0.5Y, அதாவது 2,120. வித்தியாசம் 200. பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் நம் பக்கத்துக் கல்லூரிகளில் விரிவான விடை எழுதுகிறவர்களுக்கு இந்த வழியையே சொல்வேன். வழிமுறைக்கென்று மதிப்பெண் உண்டு. பட்ஜெட் உபரி எவ்வளவு, வணிகப் பற்றாக்குறை எவ்வளவு என்று அடுத்த உட்பிரிவில் கேட்டால் 1,920-ம் 2,120-ம் கையிலேயே இருக்கும். குறை என்னவென்றால் நிலையெண்கள். 200-லிருந்து 0.8 × 50 = 40-ஐக் கழிக்க வேண்டும், இறக்குமதியின் 50-க்கு முன்னால் கழித்தல் குறி வர வேண்டும். இந்த இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. வேடிக்கை என்னவென்றால், அங்கே சறுக்கினாலும் வித்தியாசம் 200 என்றே வரும். இரண்டு முறையும் அதே தவறு நடப்பதால் கழிக்கும்போது அது அடிபட்டுப்போகும். விடை சரி, ஆனால் சமநிலை வருமானம் தப்பு; அடுத்த உட்பிரிவில்தான் அது வெளியே வரும்.

மூன்றாவது, சுற்றுச் சுற்றாகப் போவது. 1931-இல் ரிச்சர்ட் கான் வேலைவாய்ப்புப் பெருக்கியை இப்படிப் படிப்படியாக இறங்கும் தொடராகத்தான் எழுதினார். கீன்ஸ் 1936-இல் அதை முதலீட்டுப் பெருக்கியாக மாற்றினார். நம் கணக்கில் 100 கோடி சாலைப் பணிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கூலியாகவும் லாபமாகவும் 100 கோடி வருமானம். அதில் 25 வரி. கையில் நின்றது 75. அதில் 80 சதவீதம், அதாவது 60, செலவாகிறது. அந்த 60-இல் 10 இறக்குமதிப் பொருளுக்குப் போக, உள்நாட்டில் விழுவது 50. இந்த 50 அடுத்தவர் வருமானம், அதிலிருந்து 25, பிறகு 12.5. ஐந்து சுற்று கூட்டினால் 193.75. எல்லையில் 200.

புரிய வேண்டுமானால் இதைவிட நல்ல வழி கிடையாது. வரிக்கு முன்னால் c ஏன் வந்து உட்காருகிறது என்பது 25, 75, 60 என்று எழுதும்போது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆனால் விடை காண இதை நம்பினால் சிக்கல். விகிதம் 0.5 ஆக இருப்பதால் ஐந்து சுற்றில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வரியும் இறக்குமதியும் இல்லாமல் விகிதம் 0.8 ஆக இருந்தால் ஐந்து சுற்றுக்குப் பிறகும் 336தான் வந்திருக்கும், போக வேண்டிய இடம் 500. "மூன்றாவது சுற்றில் வருமானம் எவ்வளவு கூடும்?" என்று கேள்வியே சுற்றைக் கேட்டால் மட்டும் இதுதான் வழி. அப்போதும் அரசின் முதல் செலவு முதல் சுற்றாக எண்ணப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணினால் விடை 25, எண்ணாவிட்டால் 12.5.

என் ஓட்டு இந்த மூன்றில் எதற்கும் இல்லை. சமன்பாட்டு வழியையே மாற்றங்களில் மட்டும் எழுதுவதற்குத்தான். நிலையெண்கள் மாறுவதில்லை, ஆகவே அவை எழுதப்படவே தேவையில்லை:

```
ΔY = 0.8 (ΔY − 0.25 ΔY) + 100 − 0.1 ΔY
ΔY = 0.5 ΔY + 100
ΔY = 200
```

மூன்றே அடிகளில் முடிந்துவிட்டது. மனப்பாடம் எதுவும் வேண்டாம். கேள்வியில் இருக்கும் ஒவ்வொரு சார்பையும் அதனதன் இடத்தில் போட்டால் c(1 − t) தானாக வந்து நிற்கும். சூத்திரக்காரர்களிடம் இதைச் சொன்னால், "சார், ரெண்டும் ஒண்ணுதானே?" என்பார்கள். இந்தக் கேள்விக்கு ஒன்றுதான். கேள்வி கொஞ்சம் திரும்பினால் ஒன்றில்லை.

அரசு செலவை 100 கூட்டுகிறது, அதற்காக நிலையான வரியையும் 100 கூட்டுகிறது என்று கேள்வி மாறட்டும். அதாவது வரிச் சார்பில் 50 என்பது 150 ஆகிறது. உடனே வகுப்பில் "சமநிலை வரவுசெலவுப் பெருக்கி ஒன்று, விடை 100" என்று குரல் வரும். அந்த 'ஒன்று' வரி முழுக்க நிலையான தொகையாக இருந்து, இறக்குமதி வருமானத்தோடு ஏறாமல் இருக்கும் கணக்குக்கு உரியது. இங்கே மாற்றங்களை எழுதினால்:

```
ΔY = 0.8 (ΔY − 100 − 0.25 ΔY) + 100 − 0.1 ΔY
ΔY = 0.5 ΔY + 20
ΔY = 40
```

பெருக்கி 0.4தான். அதோடு வருமானம் 40 கூடியதால் வரி இன்னும் 10 கூடுகிறது, மொத்த வரி உயர்வு 110. சமநிலை என்று பெயர் சூட்டிய பட்ஜெட்டில் 10 கோடி கூடுதலாகவே வந்து சேர்கிறது.

எந்த வழியில் போட்டாலும் விடையைச் சோதிக்க ஒரு சோதனை உண்டு. நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. முதலீடும் ஏற்றுமதியும் மாறாத வரை, புதிதாக உள்ளே போன அரசுச் செலவு முழுவதும் சேமிப்பு, வரி, இறக்குமதி ஆகிய மூன்று கசிவுகளாக வெளியே வந்திருக்க வேண்டும். முதல் கணக்கில் வருமானம் 200 கூடினால் வரி 50 கூடும், செலவிடத்தக்க வருமானம் 150 கூடும், அதில் சேமிப்பு 30, இறக்குமதி 20. கூட்டினால் 100. பொருந்துகிறது. 500 என்று எழுதியவர் வரி 125, சேமிப்பு 75, இறக்குமதி 50 என்று 250-க்குப் போய் நிற்பார். 182-காரருக்கு ஏறக்குறைய 91தான் வரும். அரசு போட்டது 100. மீதி 9 கோடி எங்கே என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவது கணக்கிலும் வரி 110, இறக்குமதி 4 கூடுகின்றன, சேமிப்பு 14 குறைகிறது, மொத்தம் 100.

கேள்வியில் வட்டி விகிதமோ பணச் சந்தைச் சமன்பாடோ வந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் அப்படியே ஓடாது. வட்டி ஏறும், முதலீடு குறையும். அங்கே இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

பென்னாகரத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அவ்வளவு கோடி செலவு பண்ணாங்களே சார், அப்ப நம்ம மாவட்டத்து வருமானமும் ரெண்டு மடங்கா கூடியிருக்குமா?" நல்ல கேள்வி. பலகையில் இருக்கும் 2 நாட்டுக்கானது. மாவட்டத்தைத் தனிப் பொருளாதாரமாக எடுத்தால் ஓசூர், சேலம், பெங்களூரிலிருந்து வருவதெல்லாம் இறக்குமதிக் கணக்கில் சேரும். உண்மைப் புள்ளிவிவரமாக அல்லாமல், கணக்குக்காக ஒரு எண்ணை வைத்துப் போட்டோம். 100 கோடியில் 60 கோடி குழாய்க்கும் மோட்டாருக்கும் முதலிலேயே வெளியூருக்குப் போய்விடுகிறது. அதன்பின் வருமானத்தில் இறக்குமதிப் பங்கு 0.1 இல்லாமல் 0.4.

```
ΔY = 0.6 ΔY + 100 − 60 − 0.4 ΔY
ΔY = 0.2 ΔY + 40
ΔY = 50
```

முதலில் சூத்திரத்தைப் போட்டவர்கள் m மட்டும் மாற்றி 1.25 பெருக்கி, 125 கோடி என்று எழுதியிருந்தார்கள். வெளியே போன 60-ஐப் போட அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை.