மதிப்பாய்வு அறிக்கையைத் திருத்துவது எப்படி: வரிவரியாகவா, பிரித்து அடுக்கியா?

ஓர் ஆய்விதழ் மதிப்பாய்வுக்கு அனுப்பிய கட்டுரையைப் பற்றி ஆய்வு மாணவர் எழுதிய அறிக்கை கைக்கு வந்ததும் நெறியாளருக்கு மூன்று வழிகள் உண்டு. தானே புதிதாக எழுதிவிடலாம். வேர்டில் ட்ராக் சேஞ்சஸ் போட்டு வரிவரியாகத் திருத்தலாம். அல்லது வாக்கியங்களைத் தொடாமல் குறிப்புகளைப் பிரித்து அடுக்கி, ஓரத்தில் கேள்விகள் போட்டு மாணவரையே மறுபடி எழுதச் சொல்லலாம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். உயிர் உரம் இட்டால் நெல் நாற்றின் உயரம் கூடுகிறது என்கிறது கட்டுரை. உரம் இட்டவை 3 தொட்டிகள், இடாதவை 3 தொட்டிகள், தொட்டிக்கு 5 செடிகள். தரப்புக்கு 15 செடிகள் என்று எண்ணி டி-சோதனை செய்திருக்கிறார்கள். மாணவரின் அறிக்கையில் பக்க வரிசைப்படி 20 குறிப்புகள். முதல் குறிப்பு முன்னுரையில் உள்ள ஓர் எழுத்துப்பிழை. 14-வது குறிப்பு இது: "புள்ளியியல் தவறு. கட்டுரையாளர்களுக்கு அடிப்படையே தெரியவில்லை."

வரிவரித் திருத்தம் இந்த இடத்தில்தான் சறுக்கும். கண் முதலில் போவது கடுமையான சொல்லுக்கு. அது "புள்ளியியல் பகுப்பாய்வை மறுபரிசீலனை செய்தால் நன்றாக இருக்கும்" என்று மாறும். சுடுசொல் போய்விட்டது, கூடவே விமர்சனமும் போய்விட்டது. செய்தே ஆக வேண்டிய ஒன்று இப்போது செய்தால் நல்லது என்று படிக்கிறது. குறிப்பும் அதே 14-வது இடத்தில் கிடக்கிறது. கட்டுரையாளர்கள் ஒரு வரியில் பதில் சொல்லிக் கடந்துவிடலாம். இதழாசிரியருக்கும் அதன் எடை தெரியாது.

நெறியாளரே எழுதினால் அறிக்கை நன்றாகவே வரும். கெடு நாளைக்கு என்றால் வேறு வழியும் இல்லை. ஆனால் சோதனையைக் கையால் செய்து பழகிய மாணவர் கவனித்த நுணுக்கங்கள் இதில் பெரும்பாலும் காணாமல் போகும். ஏன் மாற்றப்பட்டது என்பதும் மாணவருக்குத் தெரியாது. அடுத்த அறிக்கையும் இதே வடிவில்தான் வரும்.

பிரித்து அடுக்குவதே நாங்கள் பரிந்துரைக்கும் வழி. ஒவ்வொரு குறிப்பையும் ஒரே கேள்வியால் சோதியுங்கள்: இதைச் சரிசெய்யாமல் விட்டால் கட்டுரையின் முடிவு நிற்குமா? நிற்காது என்றால் அது பெரிய குறிப்பு, மேலே போக வேண்டும். மற்றவை சிறியவை, பக்க எண், வரி எண்ணோடு கீழே போகட்டும். 20 குறிப்புகளில் பெரியவை மூன்றோ நான்கோதான் தேறும். பத்து தேறினால் சோதனையைத் தளர்வாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள்.

அடுத்து, ஒவ்வொரு பெரிய குறிப்பின் ஓரத்திலும் மூன்று கேள்விகள் போடுங்கள். கட்டுரையில் எந்த இடம்? அது முடிவை எப்படிப் பாதிக்கிறது? என்ன செய்தால் சரியாகும்? இவற்றுக்கு மாணவர் பதில் எழுதினால் அந்த 14-வது குறிப்பு இப்படி முதலிடத்துக்கு வரும்:

"செய்முறைப் பகுதியில் ஒவ்வொரு செடியும் தனி மாதிரியாக எண்ணப்பட்டுள்ளது. உரம் தொட்டிக்கு இடப்பட்டதால் சோதனை அலகு தொட்டிதான்; ஒவ்வொரு தரப்பிலும் n = 3. தொட்டிச் சராசரிகளை ஒப்பிட்டாலோ, தொட்டியை ரேண்டம் எஃபெக்டாக வைத்து மிக்ஸட் மாடல் போட்டாலோ இது சரியாகும். அப்போது வேறுபாடு நிலைக்காவிட்டால், உயரம் கூடுகிறது என்ற முடிவைத் தளர்த்த வேண்டும்."

டி-சோதனையின் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 28-லிருந்து 4-க்கு இறங்கும். மாணவர் சொல்ல வந்தது இதைத்தான். 1984-இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் சூடோரெப்ளிகேஷன் என்று பெயரிட்டு விளக்கிய பிழை இது. புதிய குறிப்பில் கட்டுரையாளர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஆனால் பழையதைவிடக் கண்டிப்பானது. கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள்: புதுச் சோதனை கேட்காமல், முடிவைச் சுருக்கிக்கொள்ளும் வழியையும் திறந்து வைக்கிறது. இளம் மதிப்பாய்வாளர்கள் கூடுதல் சோதனைகளைத் தாராளமாகக் கேட்பார்கள். கட்டுரை சொல்லும் முடிவுக்கு அது தேவையா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

இந்த வழிக்கு நேரம் பிடிக்கும். அறிக்கை இரண்டு முறையாவது கை மாறும். ட்ராக் சேஞ்சஸுக்கு இடம் கடைசிச் சுற்றில். கட்டாயமான இடத்தில் "வேண்டும்", விருப்பமான இடத்தில் "லாம்" இருக்கிறதா என்று அப்போது பாருங்கள். ஏற்கலாமா, நிராகரிக்கலாமா என்ற பரிந்துரை கட்டுரையாளர் படிக்கும் பகுதியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். பல இதழ்களில் அதற்குத் தனி இடம் உண்டு. கோப்பாக அனுப்புவதானால் வேர்டின் Inspect Document மூலம் பெயர்களை நீக்குங்கள். ஓரக் குறிப்புகளில் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதில் எந்த வழியைத் தேர்ந்தாலும், கட்டுரையை மாணவரிடம் கொடுக்கும் முன்பே இதழாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். அறிக்கையை அனுப்பும்போது மாணவரின் பெயரையும் இதழாசிரியருக்குத் தெரிவியுங்கள்.